சின்ன ஓட்டையை அடைக்கலாமா? தகைவுப் பகுப்பாய்வுக்கு முன் மாடலை எளிமையாக்குவது எப்படி

ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மைல்ட் ஸ்டீல் கட்டையிலிருந்து மில்லிங் செய்தது, L வடிவம். தூணோடு சேரும் செங்குத்துப் பலகை 90 மி.மீ. உயரம், 60 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன். அதன் அடியிலிருந்து முன்னால் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு தட்டு நீண்டிருக்கிறது. அதுவும் 60 மி.மீ. அகலம்தான், தடிமன் மட்டும் 8 மி.மீ. இரண்டும் சேரும் உள்மூலையில் 6 மி.மீ. ஆரத்துக்கு ஃபில்லட். தட்டின் நுனிப்பக்கம், பலகையிலிருந்து 90 மி.மீ. தள்ளி, இரண்டு போல்ட் ஓட்டைகள். அவற்றின் வழியாக 600 நியூட்டன் சுமை, அதாவது ஏறக்குறைய 60 கிலோ எடை, கீழ்நோக்கி இறங்குகிறது.

டிசைன் ஆபீஸிலிருந்து வரும் மாடல் இவ்வளவு சுத்தமாக இருக்காது. வெளி விளிம்புகளில் எல்லாம் கை கிழிக்காமல் இருக்க 1 மி.மீ. ரவுண்டு போட்டிருப்பார்கள். பெயர்த்தகடு மாட்ட இரண்டு எம்3 ஓட்டைகள் (டிரில் 2.5 மி.மீ.) இருக்கும். 0.3 மி.மீ. ஆழத்தில் பார்ட் நம்பர் வெட்டியிருக்கும். கேபிள் டை நுழைக்க 4 மி.மீ. ஓட்டை ஒன்று, பலகையிலிருந்து 10 மி.மீ. தள்ளி, தட்டின் நடுவில் இருக்கும். இந்த நான்கில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

எடுக்காமல் அப்படியே மெஷ் போட்டால் என்ன? போடலாம், ஆனால் விலை அதிகம். 8 மி.மீ. தட்டுக்கு 3 மி.மீ. எலிமென்ட் தாராளமாகப் போதும். 1 மி.மீ. ரவுண்டின் வளைவு நீளமோ வெறும் 1.57 மி.மீ. அந்த ஒல்லிப் பட்டையில் மெஷர் ஒன்று பொடிப்பொடியாக எலிமென்ட்டுகளைத் திணிக்கும், இல்லையென்றால் ஊசி போல நீண்ட, கோணல் எலிமென்ட்டுகளை உருவாக்கும். வளைவில் மூன்று எலிமென்ட்டாவது வேண்டும் என்று முழு மாடலுக்கும் 0.5 மி.மீ. கொடுத்தால், அளவு ஆறில் ஒரு பங்கு, எண்ணிக்கை 6 × 6 × 6 = 216 மடங்கு. கணினி மூச்சு வாங்குவதெல்லாம் யாரும் கேட்காத ஒரு விளிம்புக்காக.

பெரும்பாலான ஆபீஸ்களில் இதற்கு ஒரு விதி ஓடுகிறது: "5 மி.மீ.க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் எடு." நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அதிரும் ஒரு இயந்திரத்துக்கான பிராக்கெட்டில், இதே மாதிரி ஒரு கேபிள் டை ஓட்டையை மாடலில் அடைத்துவிட்டு "பாஸ்" என்று ரிப்போர்ட் கொடுத்தேன். சில மாதங்களில் பிராக்கெட் விரிசலோடு திரும்பி வந்தது. விரிசல் தொடங்கிய இடம் அந்த ஓட்டையின் விளிம்பு. அன்றிலிருந்து அளவைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பார்க்கிறேன்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

தட்டு எவ்வளவு தொங்கும் என்று மட்டும் தெரிய வேண்டுமானால் வேலை சுலபம். இந்த அளவுள்ள ஓட்டையும் ஃபில்லட்டும் தொய்வை மாற்றுவது மிகக் குறைவு. நான்கையும் கூசாமல் எடுக்கலாம், உள்மூலை ஃபில்லட்டைக்கூட எடுத்துவிடலாம். எங்கே உடையும், எவ்வளவு தகைவு என்று தெரிய வேண்டுமானால் கதை வேறு. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது கேள்விக்கு.

வெளி விளிம்பும் உள்மூலையும் ஒன்றல்ல

ஃபில்லட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகளை அழைக்கிறோம். வெளி விளிம்பை மழுக்கும் ரவுண்டு ஒன்று, உள்மூலையை நிரப்பும் ஃபில்லட் இன்னொன்று. பொருளின் வெளிக்கூர்மையில் தகைவு குவியாது. ஆகவே 1 மி.மீ. ரவுண்டை எடுத்துக் கூர்விளிம்பாக்கினால் நம் பதிலுக்கு ஒன்றும் ஆகாது.

உள்மூலை அப்படியில்லை. விசை வளைந்து திரும்பும் இடம் அது. அங்கே ஃபில்லட்டை எடுத்துவிட்டு 90 பாகைக் கூர்மூலையாக விட்டால், கணிதப்படி அந்தக் கோட்டில் தகைவுக்கு எல்லையே இல்லை. மென்பொருள் ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும். ஆனால் அந்த எண் உங்கள் பிராக்கெட்டைப் பற்றியது அல்ல, உங்கள் மெஷ்ஷைப் பற்றியது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மூலையில் எலிமென்ட் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். 90 பாகை உள்மூலையில் ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் உச்சத் தகைவு சுமார் 37 சதவீதம் ஏறும்: 100 என்று வந்தது 137 ஆகும், பிறகு 188, பிறகு 257. ஒருபோதும் நிற்காது. 6 மி.மீ. ஃபில்லட் இருக்கும் மாடலில் இதையே செய்தால் இரண்டு மூன்று முறையில் எண் நின்றுவிடும். எண் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் சோதனை.

சரி, உள்மூலை ஃபில்லட் எதையுமே எடுக்கக் கூடாதா? சுமை போகாத ஒரு மூலையில் இருந்தால் எடுக்கலாம். அங்கே பொய்யாக ஒரு சிவப்புப் புள்ளி வந்தால், ஏன் வந்தது என்று தெரிந்து ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பிராக்கெட்டில் உள்மூலை ஒன்றே ஒன்று, முழுச் சுமையும் அதன் வழியாகத்தான் போகிறது. அது இருக்கட்டும்.

எடுக்கும் வேலை

நான் இங்கே ஃப்ரீகேட் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், இலவசம் என்பதால். மற்றவற்றிலும் வழி ஏறக்குறைய இதேதான்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து, பெயரில் ஒரு அடையாளம் சேர்த்து, அதில் வேலை செய்யுங்கள். மாடலின் ஃபீச்சர் மரம் உங்கள் கையில் இருந்தால், தேவையில்லாத ஃபீச்சரை அழிக்காமல் அணைத்து வைப்பது நல்லது, வேண்டும்போது திரும்ப எழுப்பலாம். மரத்தின் கடைசியிலிருந்து மேலே வாருங்கள். நடுவில் உள்ள ஒரு ஃபில்லட்டை அணைத்தால், அதன் விளிம்பைப் பிடித்து வரைந்த அடுத்த ஃபீச்சர்கள் வரிசையாகச் சிவந்து நிற்கும்.

பெரும்பாலும் மரம் வராது, வெறும் ஸ்டெப் கோப்புதான் வரும். அப்போது முகங்களைத் தேர்ந்து நீக்க வேண்டும். எந்த முகம் எது என்று கண்ணால் தேடுவதற்குப் பதிலாக, பொருளைத் தேர்ந்துவைத்து, பைத்தான் கன்சோலில் இதை ஒட்டுங்கள்:

```python
import Part
s = Gui.Selection.getSelection()[0].Shape
for i, f in enumerate(s.Faces, 1):
    if isinstance(f.Surface, Part.Cylinder) and f.Surface.Radius < 3:
        c = f.CenterOfMass
        print("Face%d R=%.2f x=%.1f" % (i, f.Surface.Radius, c.x))
```

3 மி.மீ.க்குக் குறைவான ஆரமுள்ள உருளை முகங்கள் எல்லாம், அவை இருக்கும் இடத்தோடு பட்டியலாக வரும். தட்டு நீளும் திசை x ஆகவும், பலகையின் முன்முகம் சுழியாகவும் இருந்தால், அந்த x எண்ணே பலகையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும். இந்தப் பட்டியலை எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து Part பணிமேடையில், Ctrl விசையை அழுத்தியபடி நீக்க வேண்டிய முகங்களைத் தேர்ந்து, `Part` மெனுவில் `Defeaturing` கொடுங்கள். நீக்கிய முகத்தின் அக்கம்பக்கத்து முகங்களை நீட்டி, அவை சந்திக்கும் இடத்தில் மூடிவிடும். புதிய பொருள் ஒன்று உருவாகும், பழையது மறைந்திருக்கும்.

இந்தக் கட்டளை முரண்டு பிடிப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: தேர்வு முழுமையாக இல்லை. ஸ்டெப் கோப்பில் ஒரு ஓட்டையின் சுவர் இரண்டு அரை உருளையாகப் பிரிந்து வந்திருக்கும், நாம் ஒன்றை மட்டும் தொட்டிருப்போம். பாதியில் நிற்கும் ஓட்டையானால் அடியில் டிரில் முனையின் கூம்பு இருக்கும், வாயில் சாம்ஃபர் இருக்கும். அவையும் சேர்ந்தால்தான் அது ஒரு ஓட்டை. ரவுண்டுகளிலும் அப்படியே. மூன்று விளிம்புகள் கூடும் முனையில் கோளத்துண்டு போல ஒரு சிறு முகம் இருக்கும். மேலே உள்ள நிரல் உருளைகளை மட்டுமே பட்டியலிடும், இந்தக் கோளத்துண்டு அதில் வராது. அதைக் கையால் சேர்க்க வேண்டும். மொத்தமாகத் தேர்ந்து முடியாவிட்டால் ஓட்டைகளை முதலில் எடுத்துவிட்டு, ரவுண்டுகளை ஒவ்வொரு தொடராக எடுங்கள்.

வெட்டிய எழுத்துகளை முகம் முகமாக எடுப்பது தலைவலி. ஒரு எண்ணிலேயே பத்துப் பதினைந்து முகங்கள் இருக்கும். அதற்கு வேறு வழி: எழுத்துகள் இருக்கும் பரப்பை மூடும் அளவுக்கு ஒரு மெல்லிய பெட்டி வரைந்து, அதன் மேல்முகம் தட்டின் முகத்தோடு சரியாக ஒட்டி நிற்கும்படி வைத்து, எழுத்துகளைவிடக் கொஞ்சம் ஆழமாக உள்ளே இறக்கி, இரண்டையும் யூனியன் செய்யுங்கள். குழிகள் நிரம்பிவிடும். எழுத்து புடைத்திருந்தால், அதே பெட்டியை மேலே வைத்து வெட்டிவிடலாம்.

எதைத் தொடவே கூடாது என்றால், சுமை ஏறும் முகங்களையும் பிடிப்பு நிற்கும் முகங்களையும். நம் பிராக்கெட்டில் நுனியில் உள்ள இரண்டு போல்ட் ஓட்டைகள், பலகையில் உள்ள நான்கு 11 மி.மீ. ஓட்டைகள், பலகையின் பின்முகம். விசையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிறகு தவிக்க வேண்டாம்.

கனஅளவை எண்ணிப் பாருங்கள்

கட்டளை பிழையில்லாமல் முடிந்தது என்பதற்காக வடிவம் சரி என்று பொருளில்லை. முகம் தவறான பக்கம் நீண்டு, ஒரு மூலை காணாமல் போன மாடல்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாது. கனஅளவு காட்டிக்கொடுத்துவிடும். முன்னும் பின்னும் இதை ஓட்டுங்கள்:

```python
Gui.Selection.getSelection()[0].Shape.Volume
```

எவ்வளவு கூட வேண்டும் என்பதைக் கையிலேயே கணக்கிடலாம். 2.5 மி.மீ. விட்டம், 8 மி.மீ. ஆழத்தில் இரண்டு ஓட்டைகள்: 79 கன மி.மீ. கேபிள் டை ஓட்டை: 101. ரவுண்டு ஒவ்வொரு மி.மீ. நீளத்துக்கும் 0.215 கன மி.மீ. தின்றிருக்கும், நம் பிராக்கெட்டில் ரவுண்டு போட்ட விளிம்பு மொத்தம் 600 மி.மீ. என்று வைத்தால் 129. கூட்டினால் 309, எழுத்துகளுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பொருள் சுமார் 1,47,500 கன மி.மீ., ஆக மாற்றம் 0.2 சதவீதம். திரையில் இதை ஒட்டிய எண் வந்தால் நல்லது. ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தாலோ, ஓட்டையை அடைத்தபின் கனஅளவு குறைந்திருந்தாலோ ஏதோ முகம் தப்பாகப் போயிருக்கிறது. பிறகு `Part` மெனுவில் `Check geometry` ஓட்டி, பிழை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனித்தீர்களா? சந்தேகத்துக்குரிய கேபிள் டை ஓட்டையையும் சேர்த்தே அடைத்துவிட்டேன். முதல் ஓட்டத்துக்கு அது சரிதான். அதை மறுபடி திறக்க வேண்டுமா என்பதை இந்த முதல் ஓட்டமே சொல்லிவிடும்.

முதல் ஓட்டம், பிறகு மூன்றால் பெருக்கல்

பின்முகத்தை நிலையாகப் பிடித்து, நுனி ஓட்டைகளில் 600 நியூட்டன் கொடுத்து, 3 மி.மீ. இரண்டாம் படி டெட்ரா எலிமென்ட்டுகளோடு ஓட்டுங்கள். 6 மி.மீ. ஃபில்லட்டின் மேல் மட்டும் 1.5 மி.மீ. ஆக நெருக்குங்கள். அதன் வளைவு நீளம் 9.4 மி.மீ., ஆகவே ஆறு எலிமென்ட் உட்காரும்.

விடை வருவதற்குமுன் கையில் ஒரு கணக்கு. ஃபில்லட் முடியும் இடத்திலிருந்து சுமைக்கு 84 மி.மீ., ஆக வளைவுத் திருப்புத்திறன் 600 × 84 = 50,400 நி.மி.மீ. தட்டின் செக்‌ஷன் மாடுலஸ் 60 × 8 × 8 / 6 = 640. வகுத்தால் 79 மெகாபாஸ்கல். ஃபில்லட் அதைச் சுமார் இருபது, இருபத்தைந்து சதவீதம் ஏற்றும். அதனால் உச்சம் 95 முதல் 100 வரை இருக்க வேண்டும். திரை 40 என்றோ 300 என்றோ காட்டினால் மாடலிலோ அலகிலோ கோளாறு, மேலே போகாதீர்கள்.

இப்போது பட்டியலை எடுங்கள். அடைத்த ஒவ்வொரு ஓட்டையும் இருந்த இடத்தில் என்ன தகைவு வந்திருக்கிறது என்று பாருங்கள். அதை மூன்றால் பெருக்குங்கள். மாடலின் உச்சத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த ஓட்டை அடைந்தே இருக்கட்டும். உச்சத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ திறக்க வேண்டும்.

ஏன் மூன்று? 1898இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் காட்டிய விடை அது. ஒரு பக்கமாக இழுக்கப்படும் அகன்ற தகட்டில் வட்ட ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்கு. அந்த விடையில் ஓட்டையின் விட்டம் எங்கும் இல்லை என்பதுதான் விசேஷம். 4 மி.மீ. என்றாலும் 40 மி.மீ. என்றாலும் மூன்றுதான். "சின்ன ஓட்டைதானே" என்பது இங்கே செல்லாது. தூய முறுக்கு போன்ற வெட்டுத் தகைவு இருக்கும் இடத்தில் நான்கு மடங்கு வரை போகும், அங்கே நான்கால் பெருக்குங்கள். வளையும் தட்டில் மூன்றைவிடக் குறைவாகத்தான் வரும். இது வடிகட்ட மட்டும் என்பதால் மூன்றையே வைத்துக்கொள்ளலாம்.

எம்3 ஓட்டைகள் பலகையிலிருந்து 80 மி.மீ. தள்ளி இருக்கின்றன. சுமைக்கு அங்கிருந்து 10 மி.மீ.தான். 600 × 10 / 640 என்றால் 9.4. மூன்றால் பெருக்கினால் 28. உச்சமான 100-க்குப் பக்கத்திலேயே இல்லை. அடைத்தது சரி.

கேபிள் டை ஓட்டை 10 மி.மீ.யில். சுமைக்கு 80 மி.மீ. 600 × 80 / 640 = 75. மூன்றால் பெருக்கினால் 225. இது உச்சத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. திறக்க வேண்டும்.

ஓட்டையைத் திறந்து மறுபடி

நகலின் நகலில் அந்த 4 மி.மீ. ஓட்டையை மட்டும் மறுபடி வெட்டுங்கள். அதன் சுவர் முகத்துக்கு மட்டும் 0.5 மி.மீ. மெஷ் கொடுங்கள். சுற்றளவு 12.6 மி.மீ., ஆகவே சுற்றிலும் இருபத்தைந்து எலிமென்ட் விழும். மற்ற இடமெல்லாம் பழைய 3 மி.மீ. தான். மாடல் கொஞ்சம்தான் பெருக்கும்.

8 மி.மீ. தட்டு வளையும்போது 4 மி.மீ. ஓட்டையின் விளிம்பில் தகைவு ஏறக்குறைய 2.5 மடங்காகும். ஆக 75 என்பது 185 மெகாபாஸ்கலை ஒட்டி வர வேண்டும், அதுவும் தட்டின் மேல்முகத்தில், ஓட்டையின் இரண்டு பக்கவாட்டு விளிம்புகளில். அங்கே வராமல் ஓட்டையின் முன்விளிம்பில் சிவப்பு வந்தால் விசையின் திசையைச் சரிபாருங்கள். 0.25 மி.மீ. ஆக்கி ஒருமுறை ஓட்டி, எண் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டை உருண்டையானது, கூர்மூலை இல்லை, அதனால் நிற்கும்.

வித்தியாசத்தைப் பாருங்கள். சாதாரண மைல்ட் ஸ்டீலின் ஈல்டு வலிமை 250 மெகாபாஸ்கல் என்று வைத்தால், ஓட்டையை அடைத்த மாடல் 2.5 என்று பாதுகாப்புக் காரணி காட்டும். திறந்த மாடலில் அது 1.35. சுமை அசையாமல் நிற்கும் ஒன்றானால், ஸ்டீல் இளகித் தாங்கிக்கொள்ளும் என்று இதை விடுபவர்கள் உண்டு, நியாயமும் உண்டு. சுமை ஏறி இறங்கினாலோ அதிர்ந்தாலோ அந்த நியாயம் கிடையாது. அயர்வு விரிசல் உள்ளூர் உச்சத்தில்தான் பிறக்கும்.

ரிப்போர்ட்டில் எதை எடுத்தீர்கள், எதை வைத்தீர்கள் என்று மூன்று வரி எழுதிவிடுங்கள்: எடுத்த ஓட்டை எங்கே இருந்தது, அங்கே தகைவு எவ்வளவு, மூன்றால் பெருக்கினால் எவ்வளவு. ஆறு மாதம் கழித்து ஓட்டையை நகர்த்துகிறோம் என்று யாராவது வந்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

நகர்த்துவது என்றால், நம் பிராக்கெட்டில் அதைத்தான் செய்யச் சொல்வேன். கேபிள் டைக்கு பலகையிலிருந்து 10 மி.மீ. என்றாலும் 60 மி.மீ. என்றாலும் ஒன்றுதான். 60-க்குத் தள்ளினால் சுமைக்கு 30 மி.மீ., அங்கே தகைவு 28, மூன்றால் பெருக்கினால் 84. உச்சம் மறுபடி ஃபில்லட்டுக்கே போய்விடும், ஓட்டையை மாடலில் தாராளமாக அடைத்து வைக்கலாம்.